எலும்பு ஸ்கேனில் விலாவிலும் முதுகெலும்பிலும் ஹாட் ஸ்பாட்: அடுத்து எந்தப் பரிசோதனை?

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவரின் எலும்பு ஸ்கேன் அறிக்கையில், "விலா எலும்புகளிலும் முள்ளெலும்புகளிலும் ட்ரேசர் கூடுதலாகச் சேர்ந்துள்ளது, நோய்ப்பரவலா எனப் பார்க்கவும்" என்று ஒரு வரி வருகிறது. அன்று மாலைக்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். உடனே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்பார் ஒருவர். பயாப்சி செய்யாமல் எதையும் நம்ப முடியாது என்பார் இன்னொருவர். மூன்று மாதம் கழித்து இதே ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாம் என்று மருத்துவரே சொல்லியிருக்கவும் கூடும். மூன்றுமே சில நேரங்களில் சரி, சில நேரங்களில் தவறு. எது சரி என்பதை, ஹாட் ஸ்பாட் எனப்படும் அந்தப் புள்ளி எலும்பின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தை எம்.டி.பி. என்ற பாஸ்பேட் வகைச் சேர்மத்தோடு இணைத்து நரம்பில் செலுத்துகிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு சுமார் 20 மில்லிகியூரி. அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஊசி போட்டு சுமார் மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். அதற்குள் ட்ரேசர் எனப்படும் இந்த மருந்தில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். மீதி எலும்பின் தாதுப் பரப்பில், குறிப்பாகப் புதிய எலும்பு உருவாகிக்கொண்டிருக்கும் இடங்களில், ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடியிருந்தால் இன்னும் அதிகமாக ஒட்டும்.

ஆக, படத்தில் கருப்பாகத் தெரியும் புள்ளி "இங்கே எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. புற்றுநோய் எலும்பில் பரவினால், அதைச் சுற்றியுள்ள எலும்பு எதிர்வினையாகப் புதிதாக வளர்வதால்தான் புள்ளி விழுகிறது. ஆறிவரும் முறிவு, தேய்ந்த மூட்டு, காசநோய், வைட்டமின் டி குறைவால் வரும் விரிசல் ஆகியவற்றிலும் எலும்பு அதே வேலையைத்தான் செய்கிறது. நேர்மாறாக, மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்று போன்ற நோயில் எலும்பு அரிக்கப்படுமே தவிர புதிதாக வளர்வது குறைவு; அங்கே ஸ்கேன் சுத்தமாகவே வந்துவிடலாம். இந்த ஸ்கேன் எதையும் எளிதில் தவறவிடாது என்று கேள்விப்பட்டவர்கள் இந்த விதிவிலக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 61 வயதுப் பெண். நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையைத் தினமும் எடுத்துவருகிறார். ஒரு மாதமாக முதுகுவலி. ஸ்கேனில் இடது 4, 5, 6-ஆம் விலா எலும்புகளின் முன்பக்கத்தில் மூன்று புள்ளிகள், 12-ஆம் மார்பு முள்ளெலும்பில் ஒரு பட்டை, இடுப்பு முதுகெலும்பின் 4, 5-ஆம் எலும்புகளுக்கிடையில் வலப்பக்கம் ஒரு புள்ளி. மொத்தம் ஐந்து இடங்கள். "பல இடங்களில்" என்ற சொல்லைப் படித்ததும் பரவல் என்றே மனம் முடிவுகட்டிவிடும். ஆனால் இந்த ஐந்தும் மூன்று தனித்தனிக் கேள்விகள்.

பணம் செலவாகாத முதல் வழி: படத்தையே மறுபடி பார்ப்பது

அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த மருத்துவரிடம் போகாதீர்கள். படங்களை டைகாம் கோப்புகளாக சி.டி.யிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். பழைய எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, சி.டி. எது இருந்தாலும் உடன் வைத்துக் கொடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், புதிய சோதனை எதுவும் தராத அளவு தெளிவை அந்தப் பழைய படமே தந்துவிடும்.

விலா எலும்பில் பார்க்க வேண்டியது வடிவமும் வரிசையும். அடுத்தடுத்த விலாக்களில், ஒன்றின்கீழ் ஒன்றாக, நேர்க்கோட்டில் சிறு வட்டப் புள்ளிகள் இருந்தால் அது அநேகமாக அடிபட்ட முறிவு. கீழே விழுந்தபோதோ கட்டில் விளிம்பில் மோதியபோதோ ஒரே விசை பக்கத்துப் பக்கத்து எலும்புகளில் விழுவதால் இந்த வரிசை உண்டாகிறது. வாரக்கணக்கில் நீடித்த கடும் இருமலும் விலாவில் விரிசல் ஏற்படுத்தும். புற்றுநோய்ப் பரவல் மஜ்ஜையின் வழியாக எலும்பின் நீளவாக்கில் ஊர்ந்து போகும். அதனால் ஒரே விலாவில் நீண்டு படர்ந்த கறையாகத் தெரிந்தால்தான் சந்தேகம் கூட வேண்டும். புற்றுநோய் உள்ளவர்களிடமே கூட, ஒரே ஒரு விலாவில் மட்டும் தனியாகத் தெரியும் புள்ளிகளில் சிறு பங்குதான் பரவலாக முடிகிறது. நீண்டு படர்ந்ததெல்லாம் புற்று என்றும் கொள்ள முடியாது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற தீங்கற்ற எலும்பு மாற்றமும் விலாவில் நீளமாக, மிக அடர்த்தியாகத் தெரியும். அதைப் பிரித்துச் சொல்ல சி.டி. வேண்டும்.

விலாவுக்குச் சம்பந்தமே இல்லாமல் விலாவின் மேல் விழும் புள்ளிகளும் உண்டு. தோள்பட்டை எலும்பின் கீழ்முனை 7-ஆம் விலாவின் மேல் விழுந்து ஹாட் ஸ்பாட் போலத் தெரியும். கைகளை மேலே தூக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தால் அது இடம் மாறிவிடும். சிறுநீரகத்தில் தேங்கிய மருந்து 12-ஆம் விலாவின் புள்ளி போலக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டுச் சாய்வாக ஒரு படம் எடுத்தால் தெளியும். முதுகுத் தசை விலாக்களில் ஒட்டும் இடங்களில் பின்பக்கம் வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரிவது இயல்பான ஒன்று. தோலிலோ துணியிலோ பட்ட ஒரு சொட்டு சிறுநீர்கூடப் புள்ளியாகும். அந்த இடத்தைக் கழுவி, துணி மாற்றி, மறுபடி எடுத்தால் மறைந்துவிடும். இவற்றையெல்லாம் படம் எடுக்கும் அன்றே சரிபார்ப்பதுதான் நல்லது. மறுநாள் மருந்தின் கதிர்வீச்சு பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

முதுகெலும்பில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்னால் தடித்த உடல், பின்னால் இரண்டு ஃபேசட் மூட்டுகள், இரண்டையும் இணைக்கும் பெடிக்கிள் என்ற தூண்கள் உள்ளன. ஃபேசட் மூட்டில் விழும் புள்ளி பெரும்பாலும் தேய்மானம். உடலின் ஓரத்தைத் தாண்டி வெளியே துருத்தியிருந்தால், டிஸ்க் ஓரத்தில் வளர்ந்த எலும்பு முள். உடலின் மேல் தட்டில் கிடைமட்டமாக ஒரு பட்டை என்றால் அமுக்க முறிவு. டிஸ்க்கை நடுவில் வைத்து மேலும் கீழும் இரண்டு எலும்புகள் சேர்ந்து தெரிந்தால், முதலில் தொற்றை நினைக்க வேண்டும். நம் ஊர்களில் அது முதுகெலும்புக் காசநோயாக இருப்பது அரிதல்ல. உடலின் பின்பகுதியில் தொடங்கிப் பெடிக்கிள் வரை நீளும் புள்ளிதான் பரவலுக்கே உரிய இடம்; அதை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். மூன்று விலாப் புள்ளிகளும் ஒரே வரிசையில், சிறியவையாக, கதிர்வீச்சு பட்ட பக்கத்திலேயே இருக்கின்றன. மார்பகத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அப்பகுதி விலாக்கள் பலவீனமாகி, சில ஆண்டுகள் கழித்துச் சிறு காரணத்துக்கே விரிசல் விடுவதுண்டு. கேட்டால், ஆறு வாரங்களுக்கு முன் பத்து நாள் கடும் இருமல் இருந்தது நினைவுக்கு வருகிறது. இந்தக் கேள்வியை ஸ்கேன் மையத்தில் பல நேரம் யாரும் கேட்பதில்லை. அறிக்கை எழுதுபவருக்கு "மார்பகப் புற்று, பரவல் உண்டா?" என்ற ஒற்றை வரிதான் கிடைத்திருக்கும். எனவே கடந்த இரண்டு ஆண்டுகளில் விழுந்தது, அடிபட்டது, நீண்ட இருமல், உயிர்காக்க நெஞ்சு அமுக்கியது, மார்பு அறுவை, கதிர்வீச்சு எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். முறிவின் புள்ளி விலாவில் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மங்கிவிடும். முதுகெலும்பில் இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட நிற்கும். அதனால் வலி மறைந்த பழைய முறிவும் படத்தில் வரும்.

ரத்தப் பரிசோதனை: பெட் ஸ்கேனுக்கு முன் இது

விலாக்களில் இரு பக்கமும் ஏழெட்டுப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பரவல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எலும்பில் தாதுச்சத்து சரியாக ஏறாத ஆஸ்டியோமலேசியாவில் அச்சு அசலாக இதே படம் வரும். லூசர் வரிகள் எனப்படும் போலி முறிவுகள் விலா, தோள்பட்டை எலும்பின் ஓரம், இடுப்பெலும்பின் முன்வளைவு, தொடை எலும்பின் கழுத்து ஆகிய இடங்களில் விழும். தொடைகளில் சோர்வு, உட்கார்ந்து எழ முடியாமை, வாத்து போன்ற நடை என்று அறிகுறிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கிரியேட்டினின் ஆகிய ஆறும் சேர்ந்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். பாஸ்பேட் குறைந்து அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியிருப்பதுதான் முதல் தடயம். வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் பாஸ்பேட் இருக்காது. தனியாக எழுதச் சொல்ல வேண்டும்.

மருந்துச் சீட்டையும் இங்கே பார்க்க வேண்டும். எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தரப்படும் டெனோஃபோவிர் டைசோபிராக்சில், சிலருக்குச் சிறுநீரகக் குழல்களைப் பாதித்துப் பாஸ்பேட்டைச் சிறுநீரில் ஒழுகவிடும். ரத்தசோகைக்கு நரம்பு வழியாகப் பலமுறை ஏற்றும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தும் பாஸ்பேட்டைக் குறைக்கும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்த இரும்பு மருந்து ஏற்றுவது வழக்கமானதே என்பதால், பரவல் என்று தவறாக எண்ணப்பட அதிக வாய்ப்புள்ள இடம் இது. மருந்தை மாற்றி, குறையைச் சரிசெய்தால் புள்ளிகள் மாதக்கணக்கில் மெல்ல மறையும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது எலும்பு ஃப்ளூரோசிஸ். இதில் தனிப்புள்ளிகளைவிட, முதுகெலும்பும் விலாக்களும் முழுவதுமாகவே அடர்ந்து தெரியும். எக்ஸ்ரேயில் எலும்பு வெண்மையாகத் தடித்திருக்கும். புராஸ்டேட் புற்றுநோயின் பரவலும் எலும்பை இப்படியே வெளுக்கச் செய்வதால் குழப்பம் வரும். முன்கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது எளிய வழி. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கிடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது ஃப்ளூரோசிஸுக்கு வலுவான சான்று. பற்களில் பழுப்புக் கறை, கழுத்தைத் திருப்ப முடியாத விறைப்பு ஆகியவையும் உடன் இருக்கும். ஆனால் ஃப்ளூரோசிஸ் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்றில்லை. புராஸ்டேட்டுக்கான ரத்தக் குறியீடான பி.எஸ்.ஏ. அளவு தெளிவாக ஏறியிருந்தால் இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் மட்டுமே, பாராதைராய்டு ஹார்மோன் சற்று உயர்வு, பாஸ்பேட் இயல்பு, அல்கலைன் பாஸ்பட்டேஸ் சற்று உயர்வு. இது முழு ஆஸ்டியோமலேசியா இல்லை. ஆனால் எலும்பு பலவீனமாகியிருக்கிறது என்று சொல்கிறது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியதே பரவலுக்குச் சான்று என்று சொல்ல முடியாது. ஆறிவரும் முறிவிலும் அது ஏறும். 61 வயதில் முள்ளெலும்பு அமுங்கியிருப்பதால், மைலோமாவை விலக்க சீரம் புரத எலக்ட்ரோபோரெசிஸ், ஃப்ரீ லைட் செயின் என்ற ரத்தப் புரதச் சோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

எக்ஸ்ரே, ஸ்பெக்ட்-சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்: எது எதற்கு

எக்ஸ்ரே மலிவு; எங்கும் கிடைக்கும். முள்ளெலும்பு அமுங்கியிருக்கிறதா, டிஸ்க் ஓரத்தில் முள் வளர்ந்திருக்கிறதா என்பதற்கு அது போதும். ஆனால் "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற வரியை வைத்து நிம்மதியடைய முடியாது. முள்ளெலும்பின் உட்பகுதியில் 30 முதல் 50 சதவீதம் வரை தாது கரைந்த பிறகுதான் அரிப்பு எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படும். புதிய விலா விரிசலும் பலமுறை தெரியாது. ஆக, எக்ஸ்ரேயில் காரணம் தெரிந்தால் அது பயன்; தெரியாவிட்டால் கேள்வி அப்படியே நிற்கிறது.

எடுத்துக்காட்டில் உள்ளதுபோல விலா, ஃபேசட், முள்ளெலும்பு உடல் என்று புள்ளிகள் கலந்து கிடந்தால், முதல் தேர்வு ஸ்பெக்ட்-சி.டி. என்பது எங்கள் கருத்து. சாதாரண எலும்பு ஸ்கேன் தட்டையான படம். புள்ளி முள்ளெலும்பின் உடலில் இருக்கிறதா பெடிக்கிளில் இருக்கிறதா என்பது அதில் தெளியாது. ஸ்பெக்ட் கேமரா சுற்றிவந்து முப்பரிமாணப் படம் எடுக்கும், சி.டி. அதே இடத்தின் எலும்பு அமைப்பைக் காட்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பார்கள். இதில் பெரிய வசதி, அன்றே செலுத்திய மருந்தை வைத்தே எடுக்கலாம். இன்னொரு ஊசி தேவையில்லை. வசதி உள்ள மையமா என்று முன்பதிவின்போதே கேட்டு, "சந்தேகமான புள்ளி இருந்தால் ஸ்பெக்ட்-சி.டி. சேர்த்து எடுக்கவும்" என்று மருத்துவரைச் சீட்டிலேயே எழுதச் சொல்லலாம். விட்டுவிட்டால் இன்னொரு நாள், இன்னொரு 20 மில்லிகியூரி. மையத்தில் சி.டி. மட்டும்தான் உண்டு என்றால், ஸ்கேன் படத்தைக் கையில் கொடுத்து "இந்த இடங்களை மெல்லிய வெட்டுகளாக எடுத்துப் பாருங்கள்" என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதே பலனைத் தரும்.

இந்தப் பெண்ணுக்கு ஸ்பெக்ட்-சி.டி. இரண்டு கேள்விகளை முடித்துவைக்கிறது. விலாக்களில் மெல்லிய விரிசல் கோடும் அதைச் சுற்றிப் புது எலும்பும் தெரிகின்றன. எலும்பு அரிப்போ பக்கத்தில் சதைக்கட்டியோ இல்லை. இடுப்பு முதுகெலும்பில் புள்ளி சரியாக வலது ஃபேசட் மூட்டில் விழுகிறது. மூட்டு இடைவெளி குறுகி, ஓரங்கள் தடித்திருக்கின்றன. மிச்சம் 12-ஆம் மார்பு முள்ளெலும்பு. மேல்தட்டு அமுங்கியிருக்கிறது என்று சி.டி. காட்டுகிறது. ஏன் அமுங்கியது என்பதை அது முழுதாகச் சொல்லாது. எலும்பு மெலிவால் நொறுங்கியதா, உள்ளே நோய் புகுந்ததால் நொறுங்கியதா?

இந்தக் கேள்விக்கு எம்.ஆர்.ஐ.தான். அது மஜ்ஜையைப் பார்க்கிறது. முதிய வயதில் முள்ளெலும்பு மஜ்ஜையில் கொழுப்பு நிறைந்திருக்கும். எம்.ஆர்.ஐ.யின் டி1 என்ற படவரிசையில் அது வெளிச்சமாகத் தெரியும். எலும்பு மெலிவு முறிவில் தட்டை ஒட்டி மட்டும் கருப்புப் பட்டை இருக்கும், மீதி மஜ்ஜை வெளிச்சமாகவே மிஞ்சியிருக்கும். சில நேரம் முறிவுக் கோட்டில் நீர் தேங்கியது தெரியும். உடலின் பின்விளிம்பு கூர்மையான துண்டாகப் பின்தள்ளியிருக்கலாம். நோய் புகுந்திருந்தால் முள்ளெலும்பின் உடல் முழுதும் கருத்து, பின்விளிம்பு வெளிப்புறமாக உப்பி, பெடிக்கிளுக்குள் நீண்டு, சுற்றிலும் சதைத் திரட்சி தெரியும். முறிவு புதிதாக இருந்தால் வீக்கம் மஜ்ஜை முழுவதையும் கருக்க வைத்துக் குழப்பும். அப்போது உதவுவது கெமிக்கல் ஷிஃப்ட் என்ற கூடுதல் படவரிசை. கொழுப்பும் நீரும் கலந்திருக்கும் மஜ்ஜையில் எதிர்க்கட்டப் படத்தின் ஒளிர்வு 20 சதவீதத்துக்கும் மேல் குறையும். புற்றுச் செல்கள் கொழுப்பை இடம்பெயர்த்திருந்தால் அப்படிக் குறையாது. இந்த வரிசைக்குச் சில நிமிடங்களே ஆகும், காண்ட்ராஸ்ட் ஊசியும் வேண்டாம். ஆனால் கேட்டால்தான் எடுப்பார்கள். அதோடு, வலிக்கும் பகுதியை மட்டும் எடுக்காமல் முழு முதுகெலும்பையும் பக்கவாட்டில் காட்டும் சாகிட்டல் படத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. விலாக்களுக்கு நல்ல தேர்வு அல்ல. மூச்சில் நெஞ்சு அசைவதால் படம் கலையும். வளைந்த மெல்லிய எலும்பை வெட்டுப்படங்களில் தொடர்ந்து பார்ப்பதும் கடினம். விலாவுக்கு சி.டி., முள்ளெலும்பு உடலுக்கு எம்.ஆர்.ஐ. என்று பிரித்துக்கொள்வது நடைமுறையில் சரியாக வரும்.

காலில் பலம் குறைவது, சிறுநீர் வராமல் நிற்பது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அன்றே அவசரப் பிரிவில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், தண்டுவடம் அழுத்தப்பட்டிருந்தால் மணிக்கணக்கில் தாமதிப்பதும் நடக்கும் திறனைப் பறித்துவிடும்.

பெட்-சி.டி.யைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: அது புற்றுநோயை மட்டும் காட்டும் என்று. குளுக்கோஸ் வகை மருந்தான எஃப்.டி.ஜி., வேகமாக இயங்கும் எந்தச் செல்லிலும் சேரும். காசநோய்ப் புண்ணிலும் சேரும். சில வாரங்களே ஆன முறிவிலும் சேரும். இந்தப் பெண்ணின் ஆறு வார விலா விரிசல்கள் பெட்டிலும் ஒளிர வாய்ப்புண்டு. அப்படி ஒளிர்ந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.எம்.ஏ. பெட்டிலும் விலாவில் லேசான, காரணமற்ற புள்ளிகள் விழுவது நன்கு அறியப்பட்டது, பி.எஸ்.எம்.ஏ.-1007 என்ற மருந்தில் அது கூடுதல். பெட்-சி.டி. பயன்படும் இடம் வேறு: நோய் எலும்பைத் தாண்டி நுரையீரலிலோ கல்லீரலிலோ நிணநீர்க் கணுக்களிலோ இருக்கிறதா என்று ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கும்போது, அல்லது பயாப்சிக்கு எளிதான இடம் எது என்று தேடும்போது. விலாவில் இருக்கும் இரண்டு மங்கல் புள்ளிகளை முடிவுகட்ட அதை முதலில் எடுப்பது பணத்தையும் கதிர்வீச்சையும் வீணாக்குவது.

காத்திருப்பதா, ஊசி வைத்து எடுப்பதா

காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது அல்ல. விலாவில் மட்டும் ஒன்றிரண்டு சிறு புள்ளிகள், சி.டி.யில் அரிப்பு இல்லை, ரத்தக் குறியீடுகள் ஏறவில்லை என்றால் மூன்று மாதம் கழித்து அதே மையத்தில், அதே முறையில் ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாம். முறிவு என்றால் புள்ளி மங்கியிருக்கும், புதியவை வந்திருக்காது. அதே விலாவில் நீண்டிருந்தாலோ வேறு எலும்பில் புதிதாக விழுந்திருந்தாலோ பயாப்சியைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. நான்கு வாரத்திலேயே திரும்ப எடுப்பதில் பயனில்லை; ஆறும் எலும்பு அப்போதும் அதே அடர்த்தியில் இருக்கும்.

பரவல் உறுதியாகி மார்பகம் அல்லது புராஸ்டேட் புற்றுக்குப் புதிய சிகிச்சை தொடங்கியவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிகிச்சை பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போது, முதல் சில மாதங்களில் புள்ளிகள் இன்னும் அடர்ந்து, முன்பு தெரியாதவையும் வெளிப்படலாம். இதை ஃப்ளேர் என்பார்கள். மூன்றாம் மாத ஸ்கேனில் புள்ளிகள் கூடியிருக்கின்றன என்பதற்காக மட்டும், பலன் தரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. வலி குறைகிறதா, பி.எஸ்.ஏ. இறங்குகிறதா, சி.டி.யில் அரிப்பைச் சுற்றி வெண்மையான விளிம்பு உருவாகிறதா என்று பார்த்து, அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பயாப்சிக்கு உரிய கேள்வி ஒன்றே: விடை தெரிந்தால் சிகிச்சை மாறுமா? முதல்முறையாகப் பரவல் சந்தேகம் வரும்போது, படம் வலுவாகப் புற்றையே காட்டினால், அநேகமாக மாறும். டிஸ்க்கைச் சுற்றி இரண்டு முள்ளெலும்புகள் பாதிக்கப்பட்டு காசநோயா வேறு தொற்றா என்று தெரியாதபோதும் மாறும். சி.டி. வழிகாட்டுதலில் முள்ளெலும்புக்குப் பெடிக்கிள் வழியாக ஊசி வைப்பார்கள். விலாவில் ஊசி வைக்கும்போது நுரையீரல் உறையில் காற்று புகும் ஆபத்து உண்டு. ஆறிவரும் முறிவில் எடுத்த திசு, நுண்ணோக்கியில் வேகமாக வளரும் எலும்பாகத் தெரிந்து நோயியல் மருத்துவரையே குழப்பக்கூடும். அதனால் முறிவு என்று சி.டி. தெளிவாகச் சொன்ன விலாவில் ஊசி வைக்க வேண்டியதில்லை.

எடுக்கும் திசுவைப் பாதுகாக்கும் விதத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முழுத் திசுவையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமி வளராது, கல்ச்சர் வீணாகும். ஒரு பகுதி ஃபார்மலினிலும் இன்னொரு பகுதி உப்புநீர் உள்ள கிருமிநீக்கிய குப்பியிலும் போக வேண்டும். இரண்டாவதிலிருந்துதான் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற காசநோய்க் கிருமிச் சோதனையும் கல்ச்சரும் செய்வார்கள். ஊசி வைப்பதற்கு முன் லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கிவிட்டுச் சோதனையை ஏமாற்றும் மருந்து அது. புற்று என்று சந்தேகித்தால், எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்க வலுவான அமிலம் பயன்படுத்தாமல் ஈ.டி.டி.ஏ. பயன்படுத்தச் சொல்லிக் கோரிக்கைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வலுவான அமிலம் ஹார்மோன் ஏற்பிச் சோதனையைப் பொய்யாக்கும். மார்பகப் புற்றில் அந்த முடிவை வைத்துத்தான் அடுத்த மருந்தே தீர்மானமாகிறது.

நம் எடுத்துக்காட்டில் எம்.ஆர்.ஐ. முடிவு இப்படி: 12-ஆம் மார்பு முள்ளெலும்பின் மேல்தட்டில் மட்டும் பட்டை, கீழ்ப்பாதியில் மஜ்ஜை இயல்பு, பெடிக்கிள் சுத்தம், கெமிக்கல் ஷிஃப்டில் ஒளிர்வு நன்றாகக் குறைகிறது. புரதச் சோதனைகளும் இயல்பு. பெட்டும் பயாப்சியும் இப்போது தேவையில்லை. அடுத்தது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா. இதிலும் ஒரு கவனம் வேண்டும். இடுப்பு முதுகெலும்பில் ஃபேசட் தேய்மானம் தடித்திருப்பதால் அங்கே அளவு பொய்யாக நன்றாக வரும்; தொடை எலும்பின் கழுத்தில் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எண் எப்படி வந்தாலும், லேசான காரணத்துக்கே முள்ளெலும்பு அமுங்கியதே ஆஸ்டியோபொரோசிஸ் என்று சிகிச்சை தொடங்கப் போதும். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து எலும்பை மெலியச் செய்யும் மருந்து. அதைத் தானாக நிறுத்தக் கூடாது. எலும்புக்கான மருந்தைச் சேர்ப்பதே வழி. ஆனால் சோலெட்ரானிக் அமில ஊசி போடுவதற்கு முன் வைட்டமின் டி-யைத் தேற்ற வேண்டும். 11 அளவில் இருக்கும்போது போட்டால் ரத்தக் கால்சியம் சட்டென்று இறங்கி, விரல்கள் மரத்துத் தசை இழுக்கும். கிரியேட்டினினைப் பார்ப்பதும், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி ஆறவிடுவதும் அதே வாரங்களில் முடியக்கூடிய வேலைகள். முதுகுவலி இரண்டு, மூன்று மாதத்தில் குறையாமல் கூடினாலோ இரவில் எழுப்பினாலோ, 12-ஆம் முள்ளெலும்பை மறுபடி எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும். விலாக்களுக்கு அது தேவையில்லை.